ஒரு கொத்து ரொட்டியில் எத்தனை கலோரி? ஹட்டனில் ஒரு கணக்கு ஆசிரியரின் பன்னிரண்டு வாரங்கள்

"மிஸ், கணக்கு பிழைக்க வழியில்லை. பிழைத்தால் தராசுதான் பிழைத்திருக்க வேணும்."

கொப்பியை மேசையில் விரித்து வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வசனம் இது. எடை குறைக்க என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த கணக்குப் பாட ஆசிரியர், வயது நாற்பத்து மூன்று, எடை 84 கிலோ. வீடு மஸ்கெலியாப் பக்கம். கிழமை நாட்களில் ஹட்டனில் இன்னோர் ஆசிரியரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். பகலில் கடைச் சோற்றுப் பார்சல், வாரத்தில் மூன்று இரவு கோழிக் கொத்து. மற்ற இரவுகளில் பாண், பருப்பு, முட்டை என்று அறையிலேயே ஏதாவது செய்துகொள்வார். ஒரு நாளைக்கு 2,400 கலோரி செலவாகும் என்று கணக்கிட்டு, 1,900க்குள் சாப்பிட்டிருக்கிறார், ஆறு வாரம். தின்றது எதையும் எழுதாமல் விட்டதில்லை. பிளேன்டீக்குப் போட்ட சீனிகூட கொப்பியில் இருந்தது.

நாளுக்கு 500 குறைந்தால் 42 நாளில் 21,000. உடற்கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. அதன்படி 2.7 கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 0.4 கிலோ.

தராசு பிழைக்கவில்லை. என்னிடம் இருந்த தராசிலும் அதே எடைதான். அவரும் பொய் சொல்லவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரின் உண்மையான உணவளவை அளந்து பார்த்தார்கள். உண்டதில் சராசரியாக 47 வீதம் அவர்களின் குறிப்பில் வரவேயில்லை. அதைப் படித்த பலர் "எல்லாரும் மறைக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டார்கள். என் மேசைக்கு வருகிறவர்களில் மறைப்பவர்கள் குறைவு. எழுதுகிறார்கள், ஆனால் எழுதும் எண் தப்பு. வெளிச்சாப்பாட்டில்தான் அந்தத் தப்பு பெரிதாக இருக்கும்.

ஆகவே சேரின் கொப்பியை இன்னொரு பக்கத்திலிருந்து வாசித்தோம். இறங்காமல் நின்றது 2.3 கிலோ. அதை 7,700ஆல் பெருக்கி 42 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 420 கலோரி, வாரத்துக்கு 2,950 வருகிறது. கொப்பிக்கும் உடம்புக்கும் இடையே இருந்த இடைவெளி அவ்வளவு. இந்த எண்ணிலும் ஒரு ஓட்டை உண்டு. செலவு 2,400 என்பதே ஒரு மதிப்பீடு, அது 200 அளவு தவறியிருக்கலாம். கூடத் தின்றது எவ்வளவு, குறையச் செலவானது எவ்வளவு என்று தராசால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் சாப்பாட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொப்பியில் கோழிக் கொத்துக்கு 650 என்று இருந்தது. "இது எங்கிருந்து வந்தது, சேர்?" என்று கேட்டேன். போனில் உள்ள ஆப் சொன்னதாம். யாரோ ஒருவர் எங்கேயோ தின்ற கொத்துக்கு, எடையே போடாமல் "ஒரு பரிமாறல்" என்று ஏற்றி வைத்த எண் அது. சோற்றுப் பார்சலுக்கு 600. அது அவரே போட்டது: சோறு ஒரு கோப்பை, ஒரு கறி, ஒரு பருப்பு.

நான்கு பார்சல்

அடுத்த இரண்டு வாரத்தில் அதே கடையில் அதே ஓடரில் நான்கு கொத்து வாங்கி, பிரிக்காமல் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். தாளின் எடையைக் கழித்து வந்தவை 480, 560, 610, 720 கிராம். விலை நான்கு நாளும் ஒன்றுதான். 720 கிராம் வந்தது கடை சாத்தப்போகிற நேரம். மிஞ்சிய ரொட்டியையும் சேர்த்துக் கொத்திக் கொடுத்திருக்கிறார்கள். அது அன்பு என்று சேர் சொன்னார். இருக்கலாம்.

எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஒரே கடையின் ஒரே சாப்பாடு ஒன்றரை மடங்கு கூடிக் குறைகிறது. ஆப்பில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

560 கிராம் பார்சலை மாதிரியாக எடுத்துக்கொண்டோம். உள்ளே என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள சேர் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்குக் கூச்சமே இல்லை. கொத்துப் போடும் அண்ணனின் மகன் அவருடைய பழைய மாணவன். இரண்டு வீச்சு ரொட்டி, ஒரு முட்டை, கோவா, லீக்ஸ், கரட் ஒரு கைப்பிடி, எலும்பு நீக்கிய கோழி, மேலே கறிக்குழம்பு ஒரு அகப்பை. எண்ணெய் ஒரு கரண்டி. கடைசியில் வாசனைக்கும் மினுமினுப்புக்கும் மாஜரின் ஒரு சுரண்டல்.

ரொட்டியைத் தனியாக வாங்கி நிறுத்ததில் ஒன்று 90 கிராம். கோதுமை மாவும் எண்ணெயும் சேர்ந்த இப்படியான ரொட்டிக்கு 100 கிராமுக்கு 300 கலோரி அளவில் வைக்கலாம். இரண்டுக்கும் 540. முட்டை 70. கோழி 80 கிராமுக்கு 160. மரக்கறி எல்லாம் சேர்த்து 40. தேங்காய்ப்பால் போட்ட குழம்பு 90 கிராமுக்கு 100 என்று வைத்தோம். கடையின் எண்ணெய்க் கரண்டியில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 20 மில்லி. எண்ணெயாக அது 18 கிராம், கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் 160 சொச்சம். மாஜரின் ஒரு சுரண்டல் 11 கிராம், 80 கலோரி. தட்டில் விழுந்த கொழுப்புக்கு மட்டும் 240. எல்லாம் கூட்டினால் 1,150.

கொப்பியில் இருந்தது 650.

எண்ணெய்க் கணக்கில் எனக்கு நம்பிக்கை போதவில்லை. கரண்டியில் அள்ளுகிற கை ஒரே அளவில் அள்ளாது. அதனால் வீட்டில் ஒரு சோதனை செய்தோம். கொத்தில் 100 கிராமை ஒரு சில்வர் கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி நன்றாகக் கலக்கி, வடித்த நீரை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் மேலே மெல்லிய வெளிர்மஞ்சள் ஏடு கட்டியிருந்தது. வழித்து எடுத்து நகைக்கடைக்காரர் வைத்திருப்பதைப் போன்ற சிறிய தராசில் வைத்தால் 3 கிராம். பார்சல் முழுவதற்கும் 17 கிராம். ரொட்டிக்குள் ஊறிப்போன எண்ணெய் இப்படிக் கழுவி வராது, ஆகவே இது குறைந்தபட்ச அளவு. "17க்குக் கீழே இல்லை" என்பது மட்டும் உறுதியானது. கரண்டிக் கணக்கின் 29 கிராமோடு அது முரண்படவில்லை, அவ்வளவுதான். இந்தச் சோதனையை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் செய்யச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்தவர் எண்ணெய்க்குச் சைபர் போடுவதை விட்டுவிடுவார், அதற்காகத்தான்.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது

1,150 என்று ஒரு எண் கிடைத்ததும் சேர் பேனாவை மூடப் பார்த்தார். நான் விடவில்லை. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு இறங்கலாம், எவ்வளவு ஏறலாம் என்று எழுதச் சொன்னேன்.

ரொட்டி மெல்லியதாகவோ தடிப்பாகவோ வந்தால் 90 கூடும் அல்லது குறையும். கோழி 60 கூடிக் குறையும். மரக்கறியில் என்ன செய்தாலும் 10தான். முட்டை ஒன்றுக்குக் கீழே போகாது, சில நாள் இரண்டு போடுவார், அப்போது 70 ஏறும். குழம்பு தண்ணீராக இருந்தால் 50 இறங்கும், முதல் பால் கலந்த கெட்டிக் குழம்பை ஓர் அகப்பை கூட விட்டால் 100 ஏறும். எண்ணெயும் மாஜரினும் பாதியாகக் குறைந்தால் 120 இறங்கும், இரட்டிப்பானால் 240 ஏறும்.

இவை எல்லாம் ஒரே நாளில் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஆகவே நேராகக் கூட்டாமல், ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தோம். கணக்கு வாத்தியார் அல்லவா, இந்த இடத்தில்தான் அவருக்கு முகம் மலர்ந்தது. கீழ்ப்பக்கம் 170, மேல்பக்கம் 290 வந்தது. அதாவது இந்தக் கடையின் கொத்து பெரும்பாலான நாட்களில் 980க்கும் 1,440க்கும் இடையில் இருக்கும். 560 கிராமுக்கு 1,150 என்றால் கிராமுக்கு 2.05 கலோரி. நிறுத்த நான்கு பார்சலையும் அதால் பெருக்கினால் மிகச் சிறியது 985, மிகப் பெரியது 1,475. வேறு வழியில் வந்த இரண்டு கணக்கும் இவ்வளவு நெருங்கி வந்தது எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு என்று நினைக்கிறேன்.

"கூட்டல் கழித்தல் இருபது வீதம்" என்று பலர் சொல்லிவிட்டுப் போவதில் இதுதான் தவறிப்போகிறது. இரண்டு பக்கமும் ஒரே அகலம் இல்லை. எண்ணெய் ஒரு கரண்டிக்குக் கீழே அதிகம் குறைய முடியாது, ரொட்டி தட்டில் ஒட்டிவிடும். மேலே ஏற எல்லையே இல்லை. மேல்பக்க அகலத்தில் பெரும் பங்கு எண்ணெய் ஒன்றுக்குத்தான். அதை அளவிட முடிந்தால் மற்றதெல்லாம் சில்லறை.

கலோரியை அச்சடித்துக் கொடுக்கும் கடைகளிலும் இந்தச் சாய்வு உண்டு. 2011இல் அமெரிக்க உணவகங்களின் 269 உணவுகளை ஆய்வுகூடத்தில் எரித்து அளந்தபோது, மொத்தச் சராசரி சொன்ன எண்ணுக்கு நெருங்கித்தான் இருந்தது. ஆனால் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவானவற்றில், சொன்னதைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதல். செய்முறை அட்டையும் அளவுக் கரண்டியும் வைத்து நடத்துகிற கடைகளிலேயே இப்படி. நம் ஊரில் அளவுக் கரண்டி அண்ணனின் மணிக்கட்டுத்தான்.

சோற்றுப் பார்சலில் அகலம் இவ்வளவு இல்லை. அங்கே பிழை சோற்றின் எடையில் இருந்தது. "ஒரு கோப்பை" என்று எழுதியது நிறுத்தால் 380 கிராம், 495 கலோரி. பருப்பு 90, கோழித் துண்டு 150, கிழங்குப் பொரியல் 80, அப்பளம் 35. மொத்தம் 850. சோற்றைக் கறியிலிருந்து தனியாக எடுத்து நிறுத்துவிடலாம் என்பதால், ஒரு வாரத்திலேயே மேல்பக்கப் பிழையை 150 அளவுக்குள் கொண்டுவந்துவிட்டோம். இடியப்பத்தில் எண்ணினாலே போதும். அதில் எண்ணெய் இல்லை, சொதியின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டால் பத்து வீதத்துக்குள் நிற்கும்.

காணாமல் போன 2,950க்கு வருவோம். கொத்தில் தலா 500, மூன்றுக்கு 1,500. சோற்றில் தலா 250, ஐந்துக்கு 1,250. மொத்தம் 2,750. மிச்சம் 200. "ஆசிரியர் அறையில் வெள்ளிக்கிழமை ரோல்ஸ் வரும், மிஸ். அது எல்லாருக்கும் வருவதால் எழுதவில்லை" என்றார். சரி.

எவ்வளவு கூட்டி எழுதுவது

முதலில் அவர் 1,440 எழுதுவோம் என்றார். மேல் எல்லையை எழுதினால் ஏமாற மாட்டோமே என்பது அவர் எண்ணம். கேட்க நியாயமாக இருந்தாலும் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று கொத்துக்கும் ஐந்து பார்சலுக்கும் முழு மேல் எல்லையை எழுதினால், தின்னாத 1,620 கலோரி வாரத்தில் தின்றதாகப் பதிவாகும். நாளுக்கு 230. பசியோடு ஒரு மாதம் ஓட்டிவிட்டு ஐந்தாம் வாரம் கொப்பியைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வகைப் பிழையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் ரொட்டி தடிப்பு, இன்னொரு நாள் மெல்லிசு என்பது வாரக்கணக்கில் ஒன்றையொன்று தின்றுவிடும். அதற்குப் பெரிதாகக் கூட்டத் தேவையில்லை. ஆனால் அண்ணனின் கை எண்ணெயில் தாராளம் என்றால் அது மூன்று நாளும் தாராளம்தான், தானாகக் கழியாது. ஆகவே முதலில் பொருள் பொருளாகப் பிரித்து நடு எண்ணைச் சரியாக்குவது. அதன் மேல், மேல்பக்கப் பிழையில் பாதியை மட்டும் கூட்டுவது. கொத்துக்கு 1,150க்கு மேல் 145, முழுமையாக்கி 1,300. சோற்றுப் பார்சலுக்கு 850க்கு மேல் 75, ஆக 925. பாதி என்பது விஞ்ஞானச் சட்டம் இல்லை. தெரியாத எண்ணெய்க்கு ஓரளவு இடம் கொடுத்து, ஆளையும் பட்டினி போடாத இடம் என்று என் அனுபவத்தில் கண்ட அளவு.

பழக்கமில்லாத கடைக்குப் போனால் இந்தக் கணக்கெல்லாம் செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரிவதை எண்ணி, அதன் மேல் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 240 கூட்டி, அடுத்த நூறுக்கு ஏற்றி எழுதச் சொன்னேன். கொத்து, ஃபிரைட் ரைஸ், டெவல் வகைகளுக்கு மட்டும் இது. அவித்த சாப்பாட்டுக்கு வேண்டாம். பார்சல் தாள் கண்ணாடிபோல மறுபக்கம் தெரிகிறதா என்று பார்ப்பதும் உதவும். தெரிந்தால் இரண்டல்ல, மூன்று கரண்டி.

புதிய எண்கள் வந்ததும் ஒரு சிக்கல். 925ம் 1,300ம் சேர்ந்தாலே 2,225, நாளின் 1,900 தாண்டிவிட்டது. "அப்ப அரைக் கொத்து எடுக்கிறேன்" என்றார். எடுத்தார். நிறுத்தார். 410 கிராம். முழுக்கொத்து 560 என்றால் அரைக்கொத்து 280 அல்லவா வர வேண்டும்? வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாது என்று கடைக்காரர் நிரப்பிக் கொடுக்கிறார். கடையின் "அரை" கணக்கின் அரை இல்லை, ஏறக்குறைய முக்கால். அன்றிலிருந்து ஒரு முழுக்கொத்து வாங்கி, அறைத் தோழரோடு தராசில் வைத்துச் சரிபாதி பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு 650 எழுதியது. பழைய கொப்பியில் முழுக்கொத்துக்கு இருந்த அதே எண்.

இரண்டாவது ஆறு வாரத்தில் எடை இறங்கியது 3.1 கிலோ. ஒரு நாளின் எடையை மட்டும் பார்க்காமல், காலையில் எழுந்ததும் நிறுத்த ஏழு நாளின் சராசரியை ஒப்பிட்டோம். கொத்து தின்ற மறுநாள் உப்பும் தண்ணீரும் அரைக் கிலோவுக்கு மேல் ஏற்றிக் காட்டும், அதைப் பார்த்து எண்ணை மாற்றக்கூடாது. எதிர்பார்த்தது 2.7. நாம் கூட்டி எழுதிய பாதி மேலதிகம் வாரத்துக்கு 600, ஆறு வாரத்தில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் 3.2. இறங்கியது 2.5க்குக் கீழே நின்றிருந்தால் நடு எண் இன்னும் தாழ்வு என்றும், 4ஐத் தாண்டியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் கூட்டிவிட்டோம் என்றும் எடுத்திருப்பேன். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டோம்.

இடையில் ஒரு நாள் அவர் அம்மாவையும் கூட்டி வந்தார். அம்மாவுக்கு நீரிழிவு, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர். "அம்மாவும் கொத்துச் சாப்பிட்டால் இதே எண்ணை வைக்கட்டுமா?" என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். எடைக்காகப் பார்க்கும்போது கூட்டி எழுதுவது பாதுகாப்பு. மாச்சத்தைக் கூட்டி எண்ணி அதற்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். அங்கே பாதுகாப்பான பக்கம் கீழ்ப்பக்கம். அதுவும் எண்ணெய் கூடிய சாப்பாட்டில் சர்க்கரை தாமதமாக ஏறும். அந்த அளவை கிளினிக் டாக்டரோடு இருந்து முடிவு செய்ய வேண்டும், என் கொப்பியிலிருந்து எடுக்கக்கூடாது. அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கு அந்த ரப்பர் ரொட்டி வேண்டாம் தாயி, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும்" என்றார். அந்த ரொட்டியையும் நிறுக்க வேண்டியிருக்கும் என்று நான் அப்போது சொல்லவில்லை.

போன வாரம் சேரிடமிருந்து ஒரு செய்தி. கொத்துப் போடும் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார், புதிய ஆள் மூன்று ரொட்டி போடுகிறார், பார்சல் 690 கிராம். மூன்றாவது ரொட்டிக்கு 270 கூட்டினால் நடு எண் 1,420, மேலே பாதிப் பிழை வைத்தால் 1,570. நான்கு பார்சல் நிறுத்து முடியும்வரை 1,600 என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்க் கரண்டி பழையதா புதியதா என்று அவர் இன்னும் பார்த்துச் சொல்லவில்லை.